அது ஓட்டு இல்லைங்க, விலை!

2024 அக்டோபர் முதல் வாரம். அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு இன்னும் ஒரு மாசம் இருக்கு. எலான் மஸ்க் தன்னோட எக்ஸ் பக்கத்துல ஒரு பதிவு போட்டார். பந்தயச் சந்தையில டிரம்ப் இப்போ கமலா ஹாரிஸைவிட 3 சதவீதம் முன்னாடி இருக்கார், நிஜமான காசு வெச்சு ஆடுறதால இது கருத்துக்கணிப்பைவிடத் துல்லியமானதுன்னு சொன்னார். அது உலகம் முழுக்கச் சுத்துச்சு.

இதுல எரிச்சலான விஷயம் அந்த "3 சதவீதம் முன்னாடி"தான்.

கருத்துக்கணிப்புல 3 சதவீதம் முன்னாடின்னா, 100 ஓட்டுல 3 ஓட்டு கூடுதல்னு அர்த்தம். சந்தையில 51-க்கு 48-ன்னா, கிட்டத்தட்ட பூவா தலையான்னு அர்த்தம். கருத்துக்கணிப்புல 60-க்கு 40-ன்னு வந்தா எதிராளி தோல்விக்குத் தயாராக ஆரம்பிக்கலாம். சந்தையில 60-க்கு 40-ன்னு வந்தா, பின்னாடி இருக்கறவர் பத்துக்கு நாலு தடவை ஜெயிக்கலாம்னு காசு போட்டவங்க நினைக்கறாங்க, அவ்வளவுதான். பக்கத்துல ஒரே மாதிரி சதவீதக் குறி இருக்கறதால ரெண்டும் ஒண்ணு ஆயிடாது.

அப்போ அந்த எண் எங்கிருந்து வருது? யார் எழுதறாங்க?

முதல்ல பழைய பந்தயத்தைப் பார்த்துடலாம். அதுல எதிர்ல உட்கார்ந்திருக்கறவர் புக்கி. ஒரு நாணயம் சுண்டறதுக்குப் பந்தயம்னு வெச்சுக்குங்க. நியாயமாப் பார்த்தா ரெண்டு பக்கமும் 100 கட்டினா 200 தரணும். புக்கி ரெண்டு பக்கமும் 190-தான் தருவார் (நீங்க கட்டின 100-ம் சேர்த்து). பூவுக்கு ஒருத்தர் 100, தலைக்கு ஒருத்தர் 100 கட்டினா, கைக்கு வந்தது 200, ஜெயிச்சவருக்குப் போறது 190. எது விழுந்தாலும் மிச்சம் 10 ரூபாய் புக்கிக்கு.

இந்த 190-ஐ வாய்ப்பா மாத்திப் பாருங்க. 100-ஐ 190-ஆல வகுத்தா 52.6 சதவீதம். பூவுக்கு 52.6, தலைக்கும் 52.6. கூட்டினா 105.2! உலகத்துல எந்த நிகழ்ச்சிக்கும் மொத்த வாய்ப்பு 100-ஐத் தாண்டாது. அந்த மேல்மிச்ச அஞ்சுதான் புக்கியோட வருமானம். அதனால புக்கி சொல்ற ரேட்டை அப்படியே வாய்ப்புன்னு படிக்கக் கூடாது.

இன்னொரு விஷயம். அந்த ரேட்டை எழுதறது புக்கிதான். ஒரு பக்கம் காசு குவிஞ்சா அந்தப் பக்கத்து ரேட்டைக் குறைப்பார். தொடர்ந்து ஜெயிக்கிற ஆள் வந்தா, "உங்களுக்கு இவ்வளவுதான் லிமிட்"னு சுருக்கிடுவார். ஏன்னா அந்த ஆள் ஜெயிக்கிற காசு இவர் பையிலிருந்து போகுது. விஷயம் தெரிஞ்சவரை வெளியே நிறுத்துறது இந்தத் தொழில்ல சகஜம்.

மஸ்க் சொன்ன சந்தையில நடக்கறது ஈவென்ட் கான்ட்ராக்ட். அதுல விலையை எழுத அப்படி ஒருத்தர் கிடையாது.

அதோட அமைப்பு ரொம்ப எளிமை. "டிரம்ப் ஜெயிப்பார்"னு ஒரு சீட்டு. நடந்தா 1 டாலர், நடக்கலைன்னா பூஜ்யம். இதுக்கு எதிர்ச்சீட்டு ஒண்ணு: நடக்கலைன்னா 1 டாலர், நடந்தா பூஜ்யம். முதலாவது யெஸ், ரெண்டாவது நோ. ரெண்டையும் சேர்த்து வெச்சிருக்கற ஆளுக்கு எது நடந்தாலும் சரியா 1 டாலர் வரும்.

ஆரம்பத்துல எந்தச் சீட்டும் இருக்காது. ஒருத்தர் வந்து "யெஸ் ஒண்ணு 60 சென்ட்டுக்கு வாங்கறேன்"னு எழுதி வெக்கிறார். காத்திருக்கார். வேற ஊர்ல இன்னொருத்தர் "நோ ஒண்ணு 40 சென்ட்டுக்கு வாங்கறேன்"கிறார். 60-ம் 40-ம் சேர்ந்தா 100. சந்தை அந்த ஒரு டாலரை வாங்கிப் பூட்டி வெச்சுட்டு, அவருக்கு ஒரு யெஸ், இவருக்கு ஒரு நோ அடிச்சுக் கொடுக்குது. சீட்டு பிறந்த இடம் இதுதான். விலை பிறந்த இடமும் இதுதான். அந்த 60 யாரோ ஒரு நிபுணர் சொன்ன மதிப்பீடு கிடையாது. 60 கொடுக்கத் தயாரா இருந்த ஒருத்தரும் 40 கொடுக்கத் தயாரா இருந்த ஒருத்தரும் சந்திச்ச புள்ளி.

முடிவு வர்ற வரைக்கும் வெச்சிருக்கணும்னும் இல்லை. 60-க்கு வாங்கின சீட்டை நாளைக்கு 66-க்கு வித்துட்டுக் கிளம்பலாம். பங்குச் சந்தை மாதிரியேதான்.

யார் ஜெயிச்சாலும் சந்தை நடத்தறவங்க பையிலிருந்து போறதில்லை. அவங்களுக்குக் கட்டணம் மட்டும்தான். அமெரிக்காவுல அரசு அனுமதியோட நடக்கற கால்ஷிங்கற சந்தையோட பொதுவான கணக்கு இது: விலையை, 1-லிருந்து அந்த விலையைக் கழிச்சு வர்ற எண்ணால பெருக்கணும், அதுல 7 சதவீதம். 50 சென்ட் சீட்டுக்கு 0.50 × 0.50 × 0.07, அதாவது 1.75 சென்ட். 90 சென்ட் சீட்டுக்கு 0.63 சென்ட். ஜெயிக்கிற ஆளைத் துரத்த அவங்களுக்குக் காரணமே இல்லை. வரட்டும், நிறைய வாங்கட்டும்.

பழைய பந்தயத்துக்கும் இதுக்கும் நடுவுல இருக்கற பெரிய வித்தியாசம் இது. விஷயம் தெரிஞ்ச ஆள் இங்கே உள்ளே வரலாம், நிறையப் போடலாம், விலையை நகர்த்தலாம். விஷயமே தெரியாத பணக்காரரும் அதையே பண்ணலாம்!

எப்படி நகர்த்தறாங்கன்னு கிட்டப் போய்ப் பார்க்கலாம். இந்த மாதிரிச் சந்தையில ஆர்டர் புக்னு ஒண்ணு இருக்கும். விக்கறவங்க வரிசை ஒரு பக்கம், வாங்கறவங்க வரிசை மறுபக்கம். கணக்குக்காக ஒரு புக்கை வெச்சுக்குவோம். வாங்க வந்தவங்கள்ல அதிகபட்சம் 60 சென்ட். விக்க வந்தவங்க: 61 சென்ட்ல 10,000 சீட்டு, 62-ல 20,000 சீட்டு, 63-ல 50,000 சீட்டு.

இப்போ ஒருத்தர் 30,000 டாலரோட வந்து "கிடைக்கிற விலைக்குக் கொடுங்க"ங்கறார். 61-ல இருக்கற 10,000 சீட்டும் போச்சு, 6,100 டாலர். 62-ல இருக்கற 20,000-ம் போச்சு, 12,400 டாலர். மிச்சம் 11,500 டாலருக்கு 63-ல 18,000 சீட்டுக்குக் கொஞ்சம் மேல கிடைக்கும். சராசரியா அவருக்கு ஒரு சீட்டு 62.2 சென்ட் விழுந்திருக்கும். இனிமே விக்கறவங்கள்ல குறைஞ்ச விலை 63.

திரையில என்ன தெரியும்? பாலிமார்க்கெட்ங்கற ஆன்லைன் சந்தையில பெருசாக் காட்டற அந்தச் சதவீதம், வாங்கற வரிசையோட உச்ச விலைக்கும் விக்கற வரிசையோட அடி விலைக்கும் நடுப்புள்ளி. (ரெண்டுக்கும் இடைவெளி 10 சென்ட்டைத் தாண்டினா, கடைசியா நடந்த வியாபாரத்தோட விலையைக் காட்டும்.) நம்ம உதாரணத்துல முன்னாடி 60.5, இப்போ 61.5. ஒரே ஒரு ஆள் வாங்கினதுக்கு டிரம்ப்போட "வாய்ப்பு" 1 சதவீதம் ஏறிடுச்சு. அந்த நிமிஷத்துல ஒரு வாக்காளர் கூட மனசு மாறலை.

சரி, அப்படியே ஏறி நின்னுடுமா? நிக்காது, மத்தவங்க ஒத்துக்காத வரைக்கும். "உண்மையான வாய்ப்பு 50-தான்"னு நம்பறவருக்கு 63 சென்ட்ல யெஸ் விக்கறது, அதாவது 37 சென்ட்டுக்கு நோ வாங்கறது, நல்ல லாபம். அவர் வருவார், அடிச்சு இறக்குவார். வாங்கறவரோட காசு தீர்ந்தா விலை பழைய இடத்துக்கு வரும். விக்கறவங்களோட காசு முதல்ல தீர்ந்தா, மேலேயே நிக்கும்.

2024 அக்டோபர்ல நடந்தது இதுதான்.

கருத்துக்கணிப்புகள் இழுபறின்னு சொல்லிட்டிருந்தப்போ பாலிமார்க்கெட்ல டிரம்ப் விலை 60 சென்ட்டைத் தாண்டி ஏறிட்டே போச்சு. கவனிச்சுப் பார்த்தா, Fredi9999-ங்கற கணக்கு உட்பட நாலு கணக்குகள் கோடிக்கணக்கான டாலருக்கு டிரம்ப் சீட்டை வாங்கிட்டிருந்துச்சு. விசாரிச்ச பாலிமார்க்கெட், எல்லாம் ஒரே ஆள்னு சொன்னது. பிரான்ஸ் நாட்டுக்காரர், வங்கியில வர்த்தகரா இருந்தவர். "தியோ"ங்கற பேர்ல பத்திரிகைக்குப் பேசினார்.

ஏன் நாலு கணக்கு? ஒரே கணக்குல வாங்கினப்போ, அந்தப் பேரைப் பார்த்ததுமே விக்கற வரிசையில இருந்தவங்க விலகிக்க ஆரம்பிச்சாங்க. பெரிய மீன் வருதுன்னா மலிவா யார் விப்பாங்க? அதனால கணக்கைப் பிரிச்சுக் கொஞ்சம் கொஞ்சமா வாங்கினார். மேல இருக்கற 61, 62, 63 கணக்கைப் பார்த்தா காரணம் புரியும். ஒரே மூச்சுல வாங்கினா, ஒவ்வொரு படியிலயும் தன் செலவைத் தானே ஏத்திக்கற மாதிரி.

இவர் தேர்தல் விலையை வேணும்னே ஏத்தறார், டிரம்ப்புக்கு அலை இருக்கற மாதிரி காட்டறார்னு பலர் சொன்னாங்க. அவர் சொன்ன காரணம் வேற. கருத்துக்கணிப்புல டிரம்ப்புக்கு ஓட்டுப் போடறதைச் சிலர் வெளியே சொல்றதில்லைன்னு அவர் நினைச்சார். அதனால "நீங்க யாருக்கு?"ன்னு கேக்காம "உங்க அக்கம்பக்கத்துல யாருக்குப் போடுவாங்க?"ன்னு கேக்கற கணிப்புகளைப் பார்த்தார். தன் சொந்தக் காசுல ஒரு கணிப்பும் எடுக்க வெச்சார். அந்தக் கேள்விக்கு ஹாரிஸோட ஆதரவு சில புள்ளி குறைவா வந்துச்சு.

நவம்பர் 5-ல டிரம்ப் 312 தேர்வாளர் ஓட்டோட ஜெயிச்சார். தியோவுக்கு வந்த லாபம் 8 கோடி டாலருக்கு மேலன்னு பிளாக்செயின் பதிவுகளை ஆராய்ஞ்ச செயினாலிசிஸ் நிறுவனம் கணக்குப் போட்டது.

உடனே, பார்த்தீங்களா, சந்தைக்குத்தான் தெரியும்னு ஒரு கூட்டம் கொண்டாடுச்சு. அந்தக் கொண்டாட்டத்துல சேர்றதுக்கு முன்னாடி 12 வருஷம் பின்னாடி போகணும்.

2012 தேர்தல். ஒபாமாவும் ராம்னியும். அப்போ பேர் போன சந்தை அயர்லாந்துலிருந்து நடந்த இன்ட்ரேட். கடைசி ரெண்டு வாரம், ராம்னி மேல விழுந்த மொத்தப் பணத்துல மூணுல ஒரு பங்கு ஒரே ஆளோடது. விலை இறங்கும்போதெல்லாம் வந்து தாங்கிப் பிடிச்சார். ஆய்வாளர்கள் டேவிட் ரோத்சைல்டும் ராஜீவ் சேத்தியும் அந்த வியாபாரப் பதிவுகளை வரி வரியா ஆராய்ஞ்சு இதைக் கண்டுபிடிச்சாங்க. ராம்னி தோத்தார். அந்த ஆளுக்கு நஷ்டம் கிட்டத்தட்ட 40 லட்சம் டாலர். அவர் நிஜமாவே நம்பித்தான் போட்டாரா, ராம்னி இன்னும் ஆட்டத்துல இருக்கார்னு காட்டறதுக்குப் போட்டாரான்னு உறுதியாச் சொல்ல முடியலை.

ரெண்டையும் பக்கத்துல வைங்க. ஒரே ஆள், பெரிய பணம், கருத்துக்கணிப்புக்கு மேல நிக்கற விலை. திரையில பார்த்தா 2012-ம் 2024-ம் ஒரே மாதிரிதான் தெரிஞ்சிருக்கும். ஒண்ணுக்குப் பின்னாடி காசு கொடுத்து எடுத்த கணிப்பு இருந்துச்சு. இன்னொண்ணுக்குப் பின்னாடி என்ன இருந்துச்சுன்னே தெரியாது. விலை ரெண்டையும் பிரிச்சுக் காட்டாது.

ஒரு துப்பு மட்டும் உண்டு: பக்கத்துச் சந்தை. 2012-ல அதே ஒபாமாவுக்கு லண்டன் பெட்ஃபேர்ல விலை தெளிவாவே அதிகம். இன்ட்ரேட்ல மலிவா வாங்கி அங்கே விக்கற ஆட்கள் வந்து வித்தியாசத்தை அழிச்சிருக்கணும். ஆனா அமெரிக்கர்கள் பெட்ஃபேர்ல ஆட முடியாது, பணத்தை நாடு விட்டு நாடு மாத்தவும் நேரம் ஆகும். அதனால இடைவெளி அப்படியே நின்னுச்சு. ஒரே நிகழ்ச்சிக்கு ரெண்டு சந்தையில ரெண்டு விலை நாள்கணக்கா நின்னா, ஏதோ ஒரு சந்தையில பெரிய கை இருக்குன்னு சந்தேகப்படலாம்.

நல்ல தகவல் எவ்வளவு வேகமா விலைக்குள்ள போகுமோ, தப்பான தகவலும் அதே வேகத்துல போகும். 2024 அக்டோபர் கடைசியில டிரம்ப் விலை 65-ஐத் தாண்டியிருந்துச்சு. அதுக்கப்புறம் இறங்க ஆரம்பிச்சுது. நவம்பர் 2 சாயங்காலம், ரொம்ப மரியாதை பெற்ற கணிப்பாளர் ஆன் செல்சர் அயோவா மாநிலத்துல ஹாரிஸ் 3 புள்ளி முன்னாடின்னு வெளியிட்டார். டிரம்ப் கோட்டைன்னு எல்லாரும் ஒதுக்கி வெச்சிருந்த மாநிலம் அது. விலை 50-களுக்கு வந்துடுச்சு. முடிவுல டிரம்ப் அயோவாவை 13 புள்ளி வித்தியாசத்துல எடுத்தார். அந்த வார இறுதியில பதறி வித்தவங்க எல்லாரும் நிஜக் காசு வெச்சிருந்தவங்கதான்.

இன்னும் ஒரு சிக்கல் இருக்கு. சில சமயம் எல்லாருக்கும் முடிவு தெரிஞ்சே இருக்கும், ஆனாலும் விலை 100-க்குப் போகாது.

2020 நவம்பர். பைடன் ஜெயிச்சாச்சுன்னு எல்லாச் செய்தி நிறுவனங்களும் அறிவிச்சுட்டாங்க. பிரெடிக்ட்இட் சந்தையில பைடன் சீட்டு அதுக்கப்புறமும் வாரக்கணக்கா 90 சென்ட் பக்கத்துலயே கிடந்துச்சு. டிரம்ப் ஆதரவாளர்கள் நம்பிக்கையா மறுபக்கம் வாங்கினாங்க, அது ஒரு பாதி. மறுபாதி வெறும் கணக்கு. அங்கே லாபத்துல 10 சதவீதம் கட்டணம், பணத்தை வெளியே எடுத்தா இன்னொரு 5 சதவீதம். 90 சென்ட்டுக்கு வாங்கறீங்க, 1 டாலர் வருது, லாபம் 10 சென்ட்ல 1 சென்ட் போச்சு. மிச்சம் 99. அதை எடுக்கப் போனா கிட்டத்தட்ட 5 சென்ட் போச்சு. கைக்கு 94. லாபம் 4 சென்ட்தான்.

இதையே 95 சென்ட்டுக்கு வாங்கிப் பாருங்க. கைக்கு வர்றது 94.5. நஷ்டம்! முடிவு நூத்துக்கு நூறு உறுதியா இருந்தாலும், புதுசாப் பணம் கொண்டு வர்றவர் 94-க்கு மேல வாங்க மாட்டார். போதாக்குறைக்கு அப்போ ஒரு சீட்டுல ஒருத்தர் 850 டாலருக்கு மேல போடவும் கூடாதுன்னு இருந்துச்சு. தப்பான விலையை ஒரே அடியில சரி பண்ணப் பெரிய பணம் உள்ளே வரவே வழியில்லாம இருந்துச்சு. அதைப் பார்த்து "டிரம்ப்புக்கு இன்னும் 10 சதவீத வாய்ப்பு இருக்கு"ன்னு எழுதினவங்க, கட்டணத்தை வாய்ப்புன்னு படிச்சுட்டாங்க.

அப்புறம், "நடந்துச்சா இல்லையா"ன்னு யார் சொல்றது?

2025-ல பாலிமார்க்கெட்ல ஒரு கேள்வி: ஜூலைக்கு முன்னாடி உக்ரைன் அதிபர் ஜெலென்ஸ்கி கோட் சூட் போடுவாரா? ஜூன் கடைசியில ஹேக் நகரத்துல நடந்த நேட்டோ மாநாட்டுக்குக் கறுப்பு ஜாக்கெட்டும் அதே நிறத்துல பேன்ட்டும் போட்டுட்டு வந்தார். பல செய்தி நிறுவனங்கள் அதை சூட்னே எழுதினாங்க. இல்லை, ராணுவ பாணி உடைன்னு மறுபக்கம். 20 கோடி டாலருக்கு மேல வியாபாரம் நடந்த சந்தை அது. அங்கே தகராறு வந்தா யூமாங்கற டோக்கன் வெச்சிருக்கறவங்க ஓட்டுப் போட்டு முடிவு பண்ணுவாங்க. அவங்க "நோ"ன்னு முடிச்சாங்க. போட்டோவைப் பார்த்து யெஸ் வாங்கி வெச்சிருந்தவங்க போட்ட காசு எல்லாத்தையும் இழந்தாங்க.

அதனால கடைசி நாள்கள்ல அந்த விலை "சூட் போட்டாரா"ங்கறதோட விலையா இல்லை. "போட்டார்னு தீர்ப்பு வருமா"ங்கறதோட விலை. எந்தச் சீட்டுக்கும் இதே கதைதான்.

இந்தியாவுலயும் இது வந்துச்சு. ஒப்பீனியன் டிரேடிங்னு பேர். 10 ரூபாய் சீட்டு, யெஸ்ஸும் நோவும் சேர்ந்தா 10 ரூபாய், அச்சு அசல் அதே அமைப்பு. இதுக்கெல்லாம் தன்னோட பாதுகாப்பு கிடையாதுன்னு 2025 ஏப்ரல்ல செபி எச்சரிச்சுது. ஆகஸ்ட்ல நாடாளுமன்றம் பணம் வெச்சு ஆடற ஆன்லைன் ஆட்டங்களைத் தடை பண்ணிச் சட்டம் போட்டது. ப்ரோபோ மாதிரி ஆப்கள் அதோட நின்னுச்சு. அதனால இங்கே கேள்வி காசு போடறதைப் பத்தி இல்லை, படிக்கறதைப் பத்தி. அமெரிக்காவுலயும் மத்த நாடுகள்லயும் நடக்கற சந்தையோட சதவீதம் தினமும் நம்ம செய்தியில, நம்ம போன்ல வருது.

அடுத்த தடவை ஒரு கார்டுல "சந்தை 68 சதவீதம் சொல்லுது"ன்னு வந்தா, மூணே மூணு விஷயம் பாருங்க. வாங்கற விலைக்கும் விக்கற விலைக்கும் நடுவுல எவ்வளவு இடைவெளி, ஒவ்வொரு படியிலயும் எத்தனை சீட்டு இருக்கு? வேற சந்தையில இதே கேள்விக்கு என்ன விலை? எதை வெச்சு, யார் முடிவு சொல்லுவாங்கன்னு விதியில எழுதியிருக்கா? மூணும் அந்தந்தச் சந்தையோட பக்கத்துலயே இருக்கு, காசு கட்டாம யார் வேணா பார்க்கலாம். பார்த்துட்டு அந்தக் கார்டை மத்தவங்களுக்கு அனுப்புங்க. அனுப்பறப்போ "இது ஓட்டு சதவீதம் இல்லை"ன்னு ஒரு வரி சேர்த்துடுங்க.